மேகம் மூடினாலும் போன் வரும்

மாடி ஏறி சோலார் ஹீட்டர்களையும் படிக்கட்டடியில் குனிந்து இன்வெர்ட்டர்களையும் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. கம்பெனியில் பயிற்சி பெற்று, அங்கேயே சில வருஷம் உழைத்து, மேலாளரின் சிடுசிடுப்பு பொறுக்காமல் வெளியே வந்தவள். ரிப்பேர் வேலையை நம்பினால் ஒரு மாதம் விருந்து, மறு மாதம் பட்டினி. வருஷ ஒப்பந்தம் அப்படியில்லை. தொட்டியில் படிந்த உப்பைக் கழுவி, கண்ணாடிக் குழாய்களைத் துடைத்து, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி முறையாகப் பார்த்து வந்தால் வாடகைக்கு முழி பிதுங்காது. ஆனால் ஒப்பந்தங்கள் இன்னும் போதவில்லை. மேலாளரோ, "திரும்பி வர்றியா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு" என்று கெடு வைத்துவிட்டார்.

இதற்கு நடுவில் மூலை வீட்டு அம்மா வேறு உயிரை வாங்கினார்.

"தண்ணி சுடவே இல்லம்மா."

"வெயிலே இல்லையேம்மா! ரெண்டு நாளா மேகம்."

"வந்து பாரு. ஒப்பந்தம் போட்டிருக்கேன்ல?"

போய்ப் பார்த்தால் மேகம்தான். இன்னொரு நாள் இன்வெர்ட்டர் கத்துகிறது என்று அழைப்பு. கரண்ட் போன நேரத்தில் அயர்ன் பாக்ஸைச் செருகியிருந்தார். பாரம் தாங்காமல் அது கத்தாமல் பாட்டா பாடும்?

"அந்தம்மா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காத. பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது" என்றான் தையல்காரக் கணவன்.

புதன்கிழமை அம்மா மறுபடி கூப்பிட, அவள் அதைச் சொல்லத்தான் போனாள். கூடத்தில் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடிக்கடி வந்துபோவதைப் பார்த்து, இவள் தொட்டது துலங்காது என்று முடிவுகட்டியிருப்பார்களோ?

"இவதான்" என்றார் அம்மா. "முன்னாடி ஒருத்தன் பணத்தை வாங்கிட்டுப் போனான். அப்புறம் போனே எடுக்கல, குளிர்காலம் முழுக்கப் பச்சைத் தண்ணில குளிச்சேன். அதான் இவளை ஒரு வருஷமா ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட வராம இருக்கல. முகம் மட்டும் கொஞ்சம் கடுகடுன்னு இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, சந்தோஷமும் வந்தது. "அப்ப மேகம்னு தெரிஞ்சேவாம்மா கூப்பிட்டீங்க?"

"மேகம் எனக்குத் தெரியாதா? நீ வருவியான்னுதான் தெரியாது."

அன்றே அந்தத் தெருவில் பாதி வீடுகள் ஒப்பந்தம் போட்டன. மேலாளர் வெள்ளி வரை காத்திருக்க வேண்டி வரவில்லை; அன்றிரவே "வரலை சார்" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் மறுபடி மூலை வீட்டிலிருந்து போன். பெருமூச்சோடு பையை மாட்டிக்கொண்டே எடுத்தாள்.

"எதிர் வீட்டு இன்வெர்ட்டர் கத்துச்சு. அயர்ன் பாக்ஸைப் பிடுங்கச் சொன்னேன், அடங்கிடுச்சு. நீ வர வேண்டாம், சாப்பிடு."