தேவஇரக்கம் மாமாவின் தோசைக்கல்

"ஏட்டி அருள்செல்வி, தோசைக்கல்லு காஞ்சிருச்சான்னு நீ எப்படிப் பாப்ப?" என்று தேவஇரக்கம் மாமா கேட்டார்.

"தண்ணி தெளிச்சுப் பாப்பேன் மாமா."

"தெளிச்சா?"

"சொய்ங்குன்னு சத்தம் வந்து, தண்ணி உடனே காஞ்சு போச்சுன்னா ஊத்தலாம்."

"தப்பு," என்றார் மாமா. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவருக்கு எப்போதும் முகம் மலரும். "அது அரைச் சூடு. தண்ணி கல்லுல ஒட்டவே கூடாது. முத்து முத்தா உருண்டு ஓடணும். அப்பதான் கல்லு முழுசாக் காஞ்சிருக்குன்னு அர்த்தம். பாய்லர்ல வேலை பாத்தவன் சொல்லுதேன், கேட்டுக்கோ."

அடுக்களையிலிருந்து ஞானபாக்கியம் அத்தையின் குரல் வந்தது. "தண்ணி உருண்டு ஓடுத கல்லுல மாவ ஊத்துனா, மாவும் கரண்டியோட ஓடி வந்துரும். அம்புட்டுச் சூடு ஆகாது."

"பொம்பளைகளுக்குச் சூடுன்னாலே பயம்."

"எனக்குச் சூட்டைக் கண்டு பயமில்ல. உங்களக் கண்டுதான் பயம்."

"நாளைக்குப் பாரு. நானே கல்லுல நிக்கேன். மில்லே அசந்து போகும்."

"ஆண்டவரே," என்றாள் அத்தை. அது ஜெபம் இல்லை.

இது நடந்தது 1986இல், ராஜபாளையத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். அத்தை என் அப்பாவின் அக்கா. மறுநாள் காலையில் ஒரு நூல் மில்லின் கேன்டீனில் அவர்கள் தோசை போட்டுக் காட்ட வேண்டும். பழைய கான்ட்ராக்டர் விட்டுவிட்டுப் போயிருந்தார். தொழிலாளர்களுக்குப் பிடித்தால் கேன்டீன் அத்தை குடும்பத்துக்கு. பிடிக்காவிட்டால் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கள் வீட்டு மாடிக்கு வர வேண்டியதுதான். அதைத் தவிர வேறு வழி எதையும் மாமா மிச்சம் வைத்திருக்கவில்லை.

மாமாவுக்குச் சொந்த ஊர் கூமாப்பட்டி. இளவயதில் பஞ்சு வெளுக்கும் ஃபாக்டரி ஒன்றின் பாய்லர் அறையில் விறகு தள்ளினார். தள்ளியது சில மாதங்கள்தான். ஆனால் அதற்குப் பிறகு உலகத்தில் எதைச் சூடாக்குவதாக இருந்தாலும் தன்னைத்தான் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. கோழிப் பண்ணை வைத்தார். குஞ்சுகளுக்குக் கதகதப்பு வேண்டும் என்று சொன்னதை அவர் தன் வழியில் புரிந்துகொண்டு, பெரிய பல்புகளாக வாங்கி நெருக்கமாக மாட்டினார். குஞ்சுகள் செத்தன. குஞ்சுகள் மட்டமான ஜாதி என்று சொன்னார். பிறகு பால்கோவா கிண்டினார். அடி பிடித்தது. பால் சரியில்லை என்றார். அவர் தொட்டுக் கெட்டுப்போனதில் எதுவும் அவரால் கெட்டதில்லை. இந்த மனிதரோடு அத்தை எப்படி சர்ச்சில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மாவை அரைத்தது அத்தை. அது பக்குவமாகப் புளித்து, கரண்டியால் கலக்கினால் நுரையோடு அசைந்தது. மாமா செய்த ஏற்பாடு, வெள்ளை வேட்டியும் தோளில் புதுத் துண்டும்.

கேன்டீன் அடுப்பு விறகடுப்பு. மேலே ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புக் கல். மாமா கருவேல விறகை வாய் கொள்ளும் மட்டும் திணித்தார். காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மில்லின் லேபர் ஆபீசர் சீனிச்சாமி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மாமா கையைத் தண்ணீரில் நனைத்துக் கல்லில் உதறினார். துளிகள் கொதிக்கவில்லை, கல்லில் படியவும் இல்லை. கண்ணாடிக் குண்டுகளைப் போல அங்குமிங்கும் உருண்டு விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தன.

"பாத்தியா? முத்து!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மாவை ஊற்றினார். விழுந்த இடத்திலேயே அது வெந்து இறுகிவிட்டது. கரண்டியால் வட்டமாக இழுக்கப் பார்த்தார். மாவு பரவாமல் கரண்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு சுற்றியது. நடுவில் ஒரு கட்டி, சுற்றிலும் பிய்ந்த துணுக்குகள். எண்ணெயை விட்டார். குபீரென்று புகை எழுந்து ஆபீசரின் முகத்தில் போய் முட்டியது. புரட்டிப் போட்டபோது அடி கரி, உள்ளே பச்சை மாவு.

வரிசையில் முன்னால் நின்றவர் சமுத்திரம் என்ற தொழிலாளி. அவர் தட்டை நீட்டாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, இதத் திங்கணுமா, இல்ல மிஷினுக்குக் கிரீஸாத் தேய்க்கணுமா?"

"முதல் தோசை அப்படித்தான் வரும்," என்றார் மாமா.

இரண்டாவதும் அப்படியே வந்தது.

"அண்ணாச்சி, சிரமப்படாதிய. மாவக் கரண்டியோடவே குடுத்துருங்க, சப்பிக்கிட்டே வேலைக்குப் போறோம்," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். வரிசை முழுவதும் சிரித்தது.

"மாவு சரியில்ல," என்றார் மாமா. இதை எதிர்பார்த்துத்தான் நான் நின்றிருந்தேன். "ரொம்பக் கெட்டியா அரைச்சிருக்கா." சொல்லிவிட்டு, நல்ல மாவில் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்க்கப் போனார். அத்தை பாத்திரத்தை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அவளிடம் தோற்ற கோபத்தில் அவர் இன்னொரு விறகைத் தள்ளினார். கல் சூடு போதாமல்தான் மாவு ஒட்டுகிறது என்று ஆபீசருக்கு விளக்கமும் கொடுத்தார். மூன்றாவது தோசையில் புகை கூரை வரை போனது.

சீனிச்சாமி இருமிக்கொண்டே எழுந்தார். "சங்கு ஊதப் போவுது. ஆளுக வெறும் வயித்தோட உள்ள போகணுமா? நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

அப்போதுதான் மாமாவுக்குப் பயம் வந்தது. பயம் வந்தாலும் புத்தி வரவில்லை. கல்லைக் குளிர வைக்கிறேன் என்று ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினார். அத்தை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கல்லு விரிசல் விட்டுரும். வாளியக் கீழ வைங்க. வச்சுட்டு, அங்கிட்டுப் போங்க."

"நான் சொல்லுதத..."

"அங்கிட்டுப் போங்கன்னு சொன்னேன். சார், செத்த நேரம் உக்காருங்க. சங்கு ஊதுததுக்குள்ள எல்லாருக்கும் தட்டுல விழும்."

அவர் போனார். போகும்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், ஏதோ வேலையை முடித்துவிட்டுப் போகிறவரைப் போல.

அத்தை முதலில் எரிகிற கட்டைகளை வெளியே இழுத்தாள். கல்லில் ஒட்டிய கரியைச் சுரண்டினாள். பிறகு கையால் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, ஈர்க்கு விளக்குமாற்றால் தள்ளினாள். துளிகள் உருண்டன. மறுபடி தெளித்தாள், தள்ளினாள். இன்னும் உருண்டன. அவள் அவசரப்படவில்லை. நாலைந்து தரம் ஆனபின் தெளித்த தண்ணீர் ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே சொய்ங் என்று கத்தி, ஆவியாகிக் காய்ந்தது. அத்தை சத்தத்தைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் ஒரு தேய் தேய்த்தாள். எண்ணெய் மினுங்கியதே தவிரப் புகையவில்லை.

மாவை ஊற்றினாள். நடுவிலிருந்து கரண்டி சுற்றியது. மாவு இருக்கிற இடத்தில் இருந்தது, கரண்டி மட்டும் நகர்ந்தது. மேலே சின்னச் சின்னக் கண்கள் திறந்தன. ஓரத்தில் எண்ணெய் விட்டாள். ஓரம் சிவந்து தானாகவே கல்லை விட்டு எழும்பியது.

"ஏலே, வந்துருச்சுடா," என்றார் சமுத்திரம். முதுகுக்குப் பின்னால் இருந்த தட்டு முன்னால் வந்தது.

ஒவ்வோர் ஈடு எடுத்ததும் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் கூட்டினாள். ஒரு தரம் தெளித்த தண்ணீர் சத்தமில்லாமல் தேங்கி நின்று மெதுவாகக் கொப்பளித்தது. "ஆறிப் போச்சு, இப்ப ஊத்துனா அடியில ஒட்டிக்கிடும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு கட்டையைக் காலால் உள்ளே தள்ளினாள். மறுபடி அந்தச் சத்தம் வரும் வரை மாவைத் தொடவில்லை.

சங்கு ஊதியபோது வரிசை முடிந்திருந்தது. சீனிச்சாமி இரண்டு தோசை சாப்பிட்டுக் கை கழுவினார். "கேன்டீன் உங்களுக்குத்தாம்மா. உங்க பேர்லதான் எழுதுவேன். அந்த அண்ணாச்சி கல்லுப் பக்கம் வரக் கூடாது. வந்தா அன்னைக்கே ரத்து."

அந்த அண்ணாச்சி வாசலில் நின்று, வெளியே வந்தவர்களிடம், "கல்ல நல்லாக் காய வச்சுக் குடுத்தது நான். அவ சும்மா ஊத்துனா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகான வருடங்களில் மாமா செய்த வேலை, கேன்டீன் வாசலில் மேஜை போட்டு டோக்கன் கொடுத்தது. டோக்கனைக் கொடுத்தோமா, அடுத்த ஆளைப் பார்த்தோமா என்று இருந்ததில்லை. கிடைத்தவர்களுக்கெல்லாம் முத்து உருளும் கதையைச் சொன்னார். கேட்கிறவர் வாயில் அத்தை சுட்ட தோசை இருக்கும். அத்தைக்குக் கை நிறைய எண்ணெய்த் தழும்புகள். மாமாவுக்குக் கிடைத்தது தொப்பை. புதிதாக வரும் தொழிலாளர்கள் அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள், விவரம் தெரியாமல். அவர் திருத்தவில்லை.

1993இல் அத்தைக்கு மஞ்சள் காமாலை வந்தது. எங்கள் வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்து வந்து படுக்க வைத்தோம். கல்லுக்குத் தவசிமுத்து என்ற மாஸ்டரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். சீனிச்சாமி அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். அவரும் அத்தையும் இல்லாத இடத்தில் மாமாவைத் தடுக்க யாரும் இல்லை. அவர் அடுப்படிக்குள் போய்த் தவசிமுத்துவிடம் முத்து உருள வேண்டும் என்று நின்றார். விறகையும் தள்ளினார். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த தவசிமுத்து, கரண்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுச் சிவகாசிக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். மறுநாள் காலையில் புது லேபர் ஆபீசர் கேன்டீனுக்கு வந்து சாப்பிட்டுப் பார்த்துத்தான் கான்ட்ராக்டை நீட்டிப்பாராம். தேவஇரக்கம் மாஸ்டர்தான் தோசை போடுவார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்களாம். அந்த யாரோ யார் என்று நான் கேட்கவில்லை.

"மாமா, கல்லு விஷயம் உங்களுக்குத்தான் தெரியுமே," என்றேன்.

அவர் உள்ளறைக் கதவை ஒரு தரம் பார்த்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் தணிந்தது.

"ஏட்டி, உனக்கு அத்தை கை. ராத்திரி பஸ்ஸுக்கு என்கூட வா. காலையில நீ உள்ள நின்னு ஊத்து, அடுப்படிப் பலகைக் கதவச் சாத்திக்கிடுவோம். தோசை வெந்த பொறவு தட்ட என்கிட்ட நீட்டு. நான் கரண்டியக் கையில பிடிச்சுக்கிட்டு வெளிய வாரேன். அத்தையிட்ட மட்டும் சொல்லிராத."