இரண்டு முறை கூட்டிய ஐம்பதாயிரம்

நூலகச் சங்கத்துக்குச் சம்பளமில்லாமல் பொருளாளராக இருந்தாள் ஓர் ஓய்வுபெற்ற நர்ஸ். நூலகத்தின் ஒழுகும் கூரையை மாற்றத் தேவையான மூன்று லட்சமும் சேர்ந்துவிட்டதாகச் சங்கத்தின் செய்திமடல் சொன்னது. வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டபோது ஐம்பதாயிரம் குறைந்தது. மருந்துக்கடைக்காரர் தருவதாகச் சொன்ன அன்றே அதை வரவில் சேர்த்திருந்தாள். பணம் வந்ததும் மறுபடியும் சேர்த்துவிட்டாள்.

“அச்சுப்பிழைன்னு போட்டுடுங்கக்கா,” என்றார் செயலாளர்.

“அச்சகத்துக்காரர் நான் எழுதிக் கொடுத்ததைத்தானே அடிச்சார், தம்பி. அவர் தலையில எதுக்குக் கட்டணும்?”

அடுத்த மடலில் விளக்கம் எழுதினாள்: “ஒரே நன்கொடையை, சொன்னபோது ஒரு முறையும் வந்தபோது ஒரு முறையும் கூட்டிவிட்டேன். உண்மையில் சேர்ந்தது இரண்டரை லட்சம். பணம் எங்கும் போகவில்லை. தவறு என்னுடையது.”

யாரும் திட்டவில்லை. இனிக் கணக்கை இன்னொருவரும் சரிபார்க்கட்டும் என்று கூட்டத்தில் முடிவானபோது அவளும் கை தூக்கினாள்.

மூன்று லட்சமும் கைக்கு வராமல் ஒப்பந்தக்காரர் கூரை வேலையைத் தொடங்கவில்லை. மழை முந்திக்கொண்டது. ஒழுகும் சுவரோரத்திலிருந்து குழந்தைகளின் புத்தகங்களை எல்லோருமாக நகர்த்தினார்கள். அவளிடம் மட்டும் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.