பாவைச் சுருட்டு

ஃப்ளோரன்ஸுக்கு ஊரில் ரெண்டு பட்டப்பேர் உண்டு. தறி வீடுகளில் 'பிணைக்கிற அக்கா'. தேவாலயத்தில் 'ஓடிப்போனவளுக்கு அக்கா'. முதல் பேரை அவள் கைகள் சம்பாதித்தன. இரண்டாவதை ஊர் சும்மாவே கொடுத்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு; ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் வால் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில். பழசையும் புதுசையும் விரல் நுனியில் சேர்த்து ஒரு திருகு, அவ்வளவுதான். ஆரணியில் அந்த வேலைக்கு ஃப்ளோரன்ஸை விட்டால் ஆளில்லை என்று சொல்ல மாட்டேன், நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் அவள் பிணைத்த பாவு தறியில் அறுகாது.

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகியவள் தங்கை ஹெப்சிபா. இடதுகைக்காரி. அக்கா வலப்பக்கம் திருகினால் தங்கை இடப்பக்கம் திருகுவாள். கண்ணமங்கலத்து டேவிட்ராஜுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். லாரி ஓட்டுகிறவன், எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிறவன். ஒரு தடவை விலா எலும்பு விரிசலோடு வந்தவளை, போதகர் ஜெபம் பண்ணித் திருப்பி அனுப்பினார். அடுத்த தடவை அவள் ஆரணிக்கு வரவில்லை. எங்கேயும் வரவில்லை. எந்த ஊருக்குப் போனாள் என்று அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அக்காவை அடித்துக் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும்.

ரெண்டு வருஷம் கழித்து ஃப்ளோரன்ஸ் அவளைக் கண்டுபிடித்தாள், யூட்யூபில். சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது எப்படி என்று காட்டும் ஒரு சேனல். முகம் இல்லை, குரல் இல்லை. ரெண்டு கைகள் மட்டும். இடது கை முடிச்சுப் போட்டது, இடப்பக்கம் திருகியது. ஃப்ளோரன்ஸ் போனை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் வாராவாரம் ஒரு வீடியோ வரும். அக்கா கீழே ஒரு கருத்து எழுதுவாள்: 'நல்லா இருக்கு.' சற்று நேரத்தில் அதன் பக்கத்தில் சேனல்காரியின் சின்னச் சிவப்பு இதயம் விழும். அக்காவுக்கும் தங்கைக்கும் அவ்வளவுதான் பேச்சு. அதுவே போதும் என்றிருந்தது.

போன மாசம் வீடியோ வருவது நின்றது. ஃப்ளோரன்ஸுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டுக்கடை ஒன்றில் சேலை வீடியோ எடுத்துப் போடுகிற காவ்யாவிடம் போனாள். தறிக்காரர் வீட்டுப் பெண், வாய்த்துடுக்கு. ஆனால் ரகசியம் காப்பாள்.

"அக்கா, சேனல் பக்கம் நிக்குது பாருங்க. பழைய வீடியோ எல்லாம் ஓடுது. யூட்யூப் கம்பெனிக்காரன் சேனலை மூடல. இவங்களா போடாம இருக்காங்க. இல்லன்னா ஸ்ட்ரைக் வாங்கியிருப்பாங்க."

"ஸ்ட்ரைக்னா இன்னா?"

"ஏதாச்சும் தப்புன்னா ஒரு வாரம் வீடியோ போட வுடமாட்டான். அது வெளிய இருக்கற நமக்குத் தெரியாது. சும்மா நிறுத்துனாலும் இதேதான் தெரியும். உள்ள இருக்கறவங்களுக்குத்தான் வெளிச்சம்."

ஃப்ளோரன்ஸ் வீட்டுக்கு வந்து கடைசி வீடியோவுக்குக் கீழே எழுதினாள்: 'உடம்பு சரியில்லையா? இந்த இடது கை முடிச்ச எங்க பாத்தாலும் தெரியும்.' மறுநாள் இதயம் விழுந்தது. ஆள் இருக்கிறாள்! அன்றைக்கு ஃப்ளோரன்ஸ் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். குஞ்சம் கட்டப் பழக வீடியோ தேடிய டேவிட்ராஜின் தங்கை தீபா, ஒரு கருத்துக்குப் பக்கத்தில் ஃப்ளோரன்ஸின் முகத்தைப் பார்த்தாள். கிறிஸ்துமஸ் சேலை கட்டி எடுத்த படம். கீழே இடது கை என்றும் எழுதியிருக்கிறது. அண்ணனிடம் காட்டினாள்.

ஃப்ளோரன்ஸ் தனசேகரன் வீட்டுத் தறியில் பிணைத்துக்கொண்டிருந்தபோது டேவிட்ராஜ் வந்து நின்றான். வீட்டுக்காரர்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா அக்கா, தங்கச்சியோட போன்லயே குடும்பம் நடத்திகினு இருக்கீங்க?" என்று வீடியோவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "கைய நல்லாப் பாத்தீங்களே, பின்னால ஜன்னலப் பாத்தீங்களா? எதிர்க்கடை போர்டு. தாராபுரம்னு எழுதியிருக்குது. லோடு ஏத்திக்கினு அந்தப் பக்கம்தான் போறேன். எங்க பசங்களையும் ரிப்போர்ட் அடிக்கச் சொல்லிட்டேன். சேனலும் காலி, ஆளும் காலி."

அவன் போனதும் அவள் தன் போனைப் பார்த்தாள். ஜன்னலில் எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. இத்தனை நாள் கைகளைத் தவிர வேறொன்றையும் அவள் பார்த்ததே இல்லை. தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

தங்கையை எச்சரிக்க வேண்டும். நம்பர் இல்லை, விலாசம் இல்லை. இருப்பது அந்தக் கருத்துப் பெட்டி ஒன்றுதான். அதை அவனும் படிப்பான். 'ஓடு' என்று எழுதினால் அவனுக்கும் புரியும். யோசித்தாள். அப்புறம் எழுதினாள்: 'எங்க ஊர்ல மழை வருது. ஜல்தி பாவைச் சுருட்டு.'

தெருவில் நீளமாகப் பாவு விரித்திருக்கும்போது வானம் கறுத்தால், தெருவே கத்தும்: பாவைச் சுருட்டு! யார் வீட்டுப் பாவு என்று பார்க்காமல் எல்லாரும் ஓடிவருவார்கள். பட்டு நனைந்தால் போச்சு. இடதுகையால் சுருட்டி அக்காளிடம் திட்டு வாங்கிய ஹெப்சிபாவுக்கு அது புரியாமல் போகாது. லாரிக்காரனுக்கு அது வெறும் மழை.

இதயம் விழுகிறதா என்று விடியும்வரை பார்த்தாள். விடிந்ததும் சேனலே இல்லை.

ஃப்ளோரன்ஸ் காவ்யாவின் கடைக்கு ஓடினாள். ஷட்டர் அப்போதுதான் தூக்கியிருந்தார்கள்.

"அவன் ரிப்போர்ட் அடிச்சி மூடிட்டானா? கம்பெனிக்காரன் மூடியிருந்தா அவளுக்கு நான் எழுதுனதே தெரியாதேடி! அவன் வர்றது தெரியாம உக்காந்திருப்பாளே!"

"இருங்க அக்கா, பேஜார் ஆவாதீங்க." காவ்யா சேனல் லிங்கைத் தட்டினாள். பக்கம் வெள்ளையாக வந்தது. 'இந்தச் சேனல் இல்லை.' அவ்வளவுதான்.

"கம்பெனி மூடுனா இப்படிச் சொல்லாது. விதியை மீறினதால இந்தக் கணக்கை முடக்கிட்டோம்னு பளிச்சுனு எழுதிவைக்கும். ரிப்போர்ட் எத்தனை பேரு அடிச்சாலும், வீடியோல தப்பு இருந்தாத்தான் கைவைப்பான். குஞ்சம் கட்றதுல இன்னா தப்பு? பழைய வீடியோ லிங்க் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

தனக்குத்தானே வாட்ஸப்பில் அனுப்பி வைத்திருந்த ஒன்றை ஃப்ளோரன்ஸ் காட்டினாள். அதையும் தட்டினார்கள். வீடியோ இனிக் கிடைக்காது என்று மட்டும் வந்தது.

"பேரை மட்டும் மாத்தியிருந்தா இது ஓடும். கணக்கை முடக்கியிருந்தா, அதனாலதான் வீடியோ இல்லன்னு இங்கயும் சொல்லியிருப்பான். ரெண்டும் இல்ல. சேனல்காரங்களே மூடியிருக்காங்க அக்கா. மறைச்சாங்களா, அடியோட அழிச்சாங்களான்னு வெளிய இருந்து சொல்ல முடியாது. ஆனா உள்ள இருந்து மூடுனது."

ஃப்ளோரன்ஸ் மூச்சுவிட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. "யாரு கையால?"

காவ்யா போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஹெப்சிபாவின் போன் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் கையால். டேவிட்ராஜ் லாரியில் கிளம்பி ஒரு ராத்திரி ஆகியிருந்தது.

அந்த ரெண்டு நாளை அவள் எப்படிக் கழித்தாள் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். விரல் பிணைத்தது, மனசு அறுந்துகொண்டே இருந்தது. முதல்முறையாக அவள் பிணைத்த இழைகள் நழுவின. நழுவியதைத் தனசேகரனே எடுத்துக் கொடுத்தார், நல்ல மனுஷன்.

மூன்றாம் நாள் டேவிட்ராஜ் அதே தறி வீட்டு வாசலில் வந்து நின்றான். தனியாக. அவனைத் தனியாகப் பார்த்ததும் ஃப்ளோரன்ஸுக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே வந்துவிட்டது. அப்படியென்றால் மூடியது இவன் கை இல்லை.

"எதுக்கு ஸ்தோத்திரம்? அந்தக் கடையக் கண்டுபுடிச்சேன். எதிர்ல மூணு மாடி, ஏகப்பட்ட குடித்தனம். கதவு கதவா தட்டறதுக்குள்ள லோடு எறக்கணும்னு ஓனர் கத்தறான். ஆனா சேனலைக் காலி பண்ணிட்டோம் பாத்தீங்களா? எங்க பசங்க அடிச்ச ரிப்போர்ட்டு!" பெருமையில் அவன் முகம் விரிந்தது. "கம்பெனிக்காரன் மூடினான்னு நெனச்சிகினு அங்கயேதான் குந்திகினு இருப்பா. நான் வந்தது அவளுக்கு எங்க தெரியும்? நாளைக்கு லாரி இல்லாம போறேன். அவ வெளிய வர்ற வரைக்கும் அந்த வாசல்லயே நிப்பேன்."

ஃப்ளோரன்ஸ் பேசாமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு சேதமும் இல்லை. அவன் தன் வீரத்தைத் தானே மெச்சிக்கொண்டு போயிருப்பான். ஆனால் ஹெப்சிபா அந்த மாடியை விட்டுக் கிளம்பிவிட்டாளா, இன்னும் மூட்டை கட்டுகிறாளா? யாருக்குத் தெரியும்? அவன் அந்த வாசலில் நிற்கக் கூடாது. அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

"கம்பெனி மூடல. உன் போன்ல பாரு, முடக்கிட்டோம்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா? அவளே மூடினா. நான்தான் சொன்னேன்."

"எப்ப சொன்ன?" மரியாதை போய்விட்டது.

"நீ போன அன்னிக்கே. மழ வருது, பாவைச் சுருட்டுன்னு எழுதினேன். நீயும் படிச்சிருப்பே. சுருட்டிக்கினு போயிட்டா. காலி வீட்டு வாசல்ல எத்தினி நாள் நிக்கணுமோ நில்லு."

அவன் போனை எடுத்துப் பார்த்தான். தட்டினான், மறுபடி தட்டினான். முடக்கிட்டோம் என்று எங்கேயும் இல்லை. புரிந்ததும் கையை ஓங்கினான். அவள் விலகவில்லை. அதற்குள் சத்தம் கேட்டுத் தனசேகரன் சோற்றுக்கையோடு வெளியே வந்துவிட்டார். ஓங்கிய கை தறியில் இறங்கியது. பிணைத்து முடித்திருந்த பாவைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தான். பட்டு படபடவென்று அறுந்தது. கெட்ட வார்த்தை ஒன்றைத் துப்பிவிட்டுப் போனான்.

அவன் இனித் தாராபுரம் போகப்போவதில்லை என்று சாயங்காலம் காவ்யா விசாரித்து வந்து சொன்னாள். கண்ணமங்கலம் பஸ் ஏறும்போது, அவ அங்க இல்ல, எங்கயோ ஓடிட்டா என்று யாரிடமோ போனில் கத்தினானாம்.

ஃப்ளோரன்ஸ் அறுந்த இழைகளுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தாள். தங்கை எங்கே என்று அவளுக்குத் தெரியாது. இனி அந்த இதயம் விழாது. அது தெரியும்.

போனை எடுத்து அந்த லிங்கைத் தொட்டாள். அதே வெள்ளைப் பக்கம். 'இந்தச் சேனல் இல்லை.'

"அப்பிடியே இருடி" என்று சொல்லிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, முதல் இழையை எடுத்தாள்.