மூட வேண்டிய கணக்கு இரட்டிப்பான மதியம்

ஓசூரில் ஒரு சின்ன லேத் பட்டறையில் நான் கணக்கு எழுதுகிறேன். கணினியில் டக் டக்கென்று தட்டுவதைப் பார்ப்பவர்கள் ஏதோ ராக்கெட் விடுகிறேன் என்று நினைப்பார்கள். நானும் மறுப்பதில்லை.

எங்கள் முதலாளி பாய்க்கு இரும்பு வருவது கர்நாடக எல்லை தாண்டி பொம்மசந்திராவிலிருந்து. செய்த பாகங்கள் போவதும் அந்தப் பக்கமே. விற்கும்போது வாங்குபவரிடம் பதினெட்டு சதவீத வரி வசூலிப்போம். இரும்பு வாங்கும்போது நாம் அதே பதினெட்டைக் கட்டியிருப்போம். மாதம் முடிந்ததும் இரண்டையும் 'கட்ட வேண்டிய வரி' என்ற கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தால், வசூலித்ததில் நாம் கட்டியது கழிந்து, மிச்சம் அரசுக்கு. இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த மாதம் பாய் ஒரு செகண்ட் ஹேண்ட் லேத் மிஷினுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். மீதி இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தை மாதக் கடைசி நாள் மாலை ஐந்துக்குள் கட்டாவிட்டால் மிஷினும் போகும், முன்பணமும் போகும். வங்கியில் இருந்தது மூன்றரை லட்சம். அதற்குள் வரியும் அடங்க வேண்டும்.

"வரி எவ்வளவுப்பா வருது?" என்று அன்று மதியம் வந்து நின்றார்.

நான் கம்பீரமாகத் திரும்பினேன். "மூணு லட்சத்து இருபத்தி நாலாயிரம், பாய்."

பாய் பக்கத்தில் இருந்த இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "போன மாசம் நாப்பதாயிரம்கூட வரலியே!"

"யாவாரம் ஏறினா வரியும் ஏறும் பாய். டெபிட், கிரெடிட் ரெண்டும் சமமா நிக்குது. பைசா பிசகில்ல." அந்தப் 'பைசா'வை அழுத்திச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

பாய் மிஷின்காரருக்குப் போன் போட்டார், வேண்டாம் என்று சொல்ல. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார்.

வாசலில் லாரிக்குச் சரக்கு எண்ணி அனுப்பும் அக்கா, விற்பனை பில் கட்டோடு உள்ளே வந்தார். பாயின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், "இந்த மாசம் போன சரக்கு பூரா பத்து லட்சம் தான. அதுக்கு வரி எவ்ளோ?" என்றார்.

"ஒண்ணு எம்பது."

"கஸ்டமர்கிட்ட வாங்கினதே ஒண்ணு எம்பது. கவர்மென்ட்டுக்கு மூணேகாலா? மீதிய யார் வூட்ல இருந்து எடுத்துக் கட்டறது, உங்க வூட்டுலயா?"

"அது வந்துக்கா, கொள்முதல்ல ஒரு லட்சத்து நாப்பத்தி நாலாயிரம்..."

"அது நாம கட்டினது. கழியணும். நீங்க கூட்டி வெச்சிருக்கீங்களா?"

அக்காவுக்கு டெபிட் தெரியாது, கிரெடிட் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும். அதனால்தான் அன்று மாட்டினேன்.

கொள்முதல் வரிக் கணக்கைத் திறந்தேன். மாதக் கடைசியில் அது பூஜ்யமாகக் கிடக்க வேண்டும். ஆனால் இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் காட்டி என்னைப் பார்த்து இளித்தது. நான் எழுதியதுதான். விற்பனை வரியை மூடும்போது அந்தக் கணக்கை டெபிட் செய்து, கட்ட வேண்டிய வரியைக் கிரெடிட் செய்திருந்தேன். அது சரி. அப்புறம் சோம்பேறித்தனம். அதே பதிவை நகலெடுத்து, பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றினேன். பக்கத்தை மாற்றவில்லை. கொள்முதல் வரி ஏற்கெனவே டெபிட்டில் நிற்கிற கணக்கு. கிரெடிட் செய்தால்தான் மூடும். நான் மேலும் ஒரு டெபிட் போட்டதில் அது இரட்டிப்பாகி, கழிய வேண்டியது கூடிப்போயிருந்தது. பதிவின் இரண்டு பக்கமும் சமம்தான். இரண்டுமே தப்புப் பக்கம். கணினி ஏன் வாய் திறக்கும்?

பதிவைத் திருப்பிப் போட்டேன். கொள்முதல் வரி பூஜ்யம். கட்ட வேண்டியது முப்பத்தாறாயிரம்.

"பாய்... முப்பத்தாறு."

"முப்பத்தாறு லட்சமா?" பாய் எழுந்தேவிட்டார்.

"ஆயிரம், பாய். ஆயிரம்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மிஷின்காரர். பாய் என்னை முறைத்துக்கொண்டே எடுத்து, ஒன்றுமில்லை என்று கன்னடத்தில் சமாளித்தார். "ஆ சார்... ஏனில்லா சார். ஊட்டா ஆயித்தா?" மணி மூன்றரை. இரண்டு முறை விடாமல் போன் போட்டது சாப்பாடு விசாரிக்கத்தான் என்பதை அந்த மனிதர் எப்படி நம்பினாரோ! நாலரைக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. வரியையும் அன்றே கட்டினோம்.

இரண்டு நாளில் மிஷின் கிரேனில் வந்து இறங்கியது. பாய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, நேராக என் மேஜைக்கு வந்து பில்லை வைத்தார்.

"இதுல கட்டின வரியும் நமக்குக் கழியுமில்ல?"

"கழியும் பாய், அடுத்த கணக்குல. இப்போ கொள்முதல் வரியில டெபிட் போடுவேன். மாசக் கடைசியில மூடறப்போ கிரெடிட்." ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

பாய் தலையாட்டினார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"யக்கா, இவர் சொல்றது சரிதானா?"