எனக்கு விழுந்த ஏற்று மூட்டு

ராயபுரத்துக் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் நான் தகடுகளைப் பிணைக்கும் ரிவிட் ஆணி அடிக்கும் கூட்டத்தில் இருந்தேன். என் வேலை பாய்லருக்கு உள்ளே. வெளியிலிருந்து என் சிநேகிதன் சம்மட்டியால் அடிப்பான். நான் உள்ளே உட்கார்ந்து ரிவிட்டின் தலையைக் கனத்த இரும்பால் தாங்கிப் பிடிப்பேன். அடி அவனுக்கு, சத்தம் எனக்கு. காதில் பஞ்சை அடைத்தாலும் தடுக்க முடியாது. கலியாணமாகி நாலு வருஷம் ஆவதற்குள் எங்கள் வீட்டில் பேச்சு என்றாலே கூச்சல் என்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் ஓயாமல் சண்டை போடுவதாக நினைத்தார்கள். ‘உப்பு போதுமா?’ என்றுதான் என் மனைவி கத்திக்கொண்டிருப்பாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் காதைக் குடைந்து பார்த்துவிட்டு, ‘அந்தச் சத்தத்தை விட்டு வந்தால் மிச்சம் இருப்பது நிற்கும், போனதிலும் கொஞ்சம் திரும்பலாம், இல்லாவிட்டால் இருப்பதும் போகும்’ என்று சைகையோடு சொன்னார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான் பட்டறையில் மின்சார வெல்டிங் வந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் விருப்பமுள்ளவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். முடிவில் ஒரே ஒரு ஆளை வெல்டிங் கொட்டகைக்கு எடுப்போம் என்றார்கள். நான் முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். என்னைத் தனியே விடுவானா என் சிநேகிதன்? தண்டையார்பேட்டை பாய், சம்மட்டி பிடித்தே பழகிய கை. அவனும் வந்து உட்கார்ந்தான்.

கடைசிச் சனிக்கிழமை பரீட்சை. பட்டை இரும்பை இரண்டாக வெட்டி, மறுபடி ஒட்டி, இழுப்பு மெஷினில் போட்டு அறுகிறவரை இழுப்பது. எந்த மாதிரி மூட்டு என்பதைச் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். இரண்டு துண்டுகளின் முனைகளையும் சாய்வாக அராவி, நேருக்கு நேர் வைத்து, நடுவில் விழுகிற பள்ளத்தை நிரப்புவது ஒன்று. ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி வைத்து ஒரு பக்க விளிம்பை மட்டும் ஒட்டுவது இன்னொன்று. அதையே இரண்டு பக்கமும் ஒட்டுவது மூன்றாவது. பாய்க்குச் சாய்வு மூட்டு வந்தது. எனக்கு ஒருபக்க ஏற்று மூட்டு.

கொட்டகையே என் முதுகில் தட்டியது. ரிவிட்காரனுக்கு ஏற்று மூட்டு என்றால் உயிர். தகட்டின்மேல் தகடு ஏறாமல் ரிவிட் போட்டவர் எங்களில் யாருமில்லை. நுனியோடு நுனி வைத்து ஒட்டினால் அது நிற்கும் என்று எங்கள் யாருக்கும் நம்பிக்கை கிடையாது.

‘இன்னா மாமு, லாட்டரி அடிச்சிட்டே! என்துதான் பேஜாரு. மூக்கோட மூக்கு ஒட்டினு கீது, தும்முனா பிச்சிக்கும்’ என்றான் பாய்.

‘வேணும்னா மாத்திக்கலாமா?’ என்று பெருந்தன்மையாகக் கேட்டேன். வாத்தியார் முறைத்ததால் அதோடு விட்டேன்.

வாத்தியார் எங்கள் வயதுக்காரர்தான். வெள்ளைச் சட்டை, சிரிக்காத முகம். முதலில் மூட்டே இல்லாத ஒரு முழுப் பட்டையை மெஷினில் மாட்டினார். மெஷின் இழுக்க இழுக்க, அதன் துலாத்தண்டு சமமாக நிற்கும்படி எடைக்கல்லை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் பட்டையின்மேல் இருந்த கறுப்புத் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. துலாத்தண்டு சட்டென்று கீழே சாய்ந்தது. ‘இரும்பு இளகிடுச்சு’ என்றார். அப்புறம் நடுவில் இடுப்புச் சிறுத்து, நீண்டு, அறுந்தது. எனக்குச் சத்தம் பாதிதான் கேட்டது, மீதி பாதத்தில் தெரிந்தது. அறுந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் நார் நாராக இருந்தது. நல்ல இரும்பு அப்படித்தான் அறுமாம்.

பிறகு என்னுடையது. மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். எடைக்கல் பாதி வழிகூடப் போகவில்லை. ஏறி நின்ற இரண்டு துண்டுகளும் நேர்கோட்டுக்கு வரப் பார்த்து வளைந்தன. ஒட்டாத பக்கம் கதவு மாதிரி வாயைத் திறந்தது. ஒட்டின இடம் அடியிலிருந்து கிழிந்து, என் பட்டை இரண்டாகப் போய்விட்டது.

வாத்தியார் கரும்பலகையில் என் எடையை எழுதினார். அடுத்து பாயின் சாய்வு மூட்டு. என்னுடையதைவிட வெகுதூரம் தாங்கிவிட்டு, ஒட்டின இடத்தில் படீரென்று முறிந்தது. மூக்கோடு மூக்கு ஜெயித்துவிட்டது! கொட்டகை கைதட்டியது. நானும் தட்டினேன், ஆனால் கை மட்டும்தான் தட்டியது. மறுபடி பாய்லருக்குள்ளே போய் உட்கார வேண்டும், இருக்கிற காதும் போகும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தர் இரண்டு பக்கமும் ஒட்டிய ஏற்று மூட்டோ, ஒட்டு அப்படியே இருக்க, பக்கத்துப் பட்டையில் அறுந்தது. அவர் வயதானவர், ஆசைக்குப் படிக்க வந்தவர். வெல்டிங் கொட்டகை வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்.

வாத்தியார் கரும்பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னுடைய துண்டையும் பாயுடைய துண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். எங்களைக் கூப்பிட்டார்.

‘இத பாருப்பா’ என்று பாயின் முறிவைக் காட்டினார். மேல் பாதி பளிச்சென்று உருகிச் சேர்ந்திருந்தது. அடியில் ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே பாய் அராவிய அரத்தின் கீறல்கள் வரிவரியாக அப்படியே இருந்தன. ‘நெருப்பு இங்க வரவே இல்ல. வந்திருந்தா கீறல் இருக்குமா? ரெண்டு நுனியையும் முட்ட வச்சிட்ட, இடைவெளி விடல.’

பாய் குனிந்து பார்த்தான். ‘அட ஆமா வாத்யாரே! என் அரம்தான் இது, பல்லு ஒண்ணு உடைஞ்சி கீது, அந்தக் கோடுகூடத் தெரியுது!’

என் துண்டைத் திருப்பினார். மூலை வரைக்கும் உருகியிருந்தது. கசடு இல்லை, காற்றுப் புழையில்லை, ஒரே சாம்பல் நிறம். ‘மூட்டு மோசமான மூட்டு. ஒரு பக்கம் ஒட்டி இழுத்தா அது மடங்கத்தான் செய்யும், யார் ஒட்டினாலும் இதான் கதி. ஆனா ஒட்டின கை சுத்தம். பலகையில இருக்கிறது சீட்டோட எடை. கையோட எடை முறிவுல இருக்கு.’ என்னைப் பார்த்துத் திங்கட்கிழமை கொட்டகைக்கு வரச் சொன்னார்.

அந்தக் கடைசிப் பேச்சு எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ‘இன்னா சொன்னாரு?’ என்று பாயைக் கேட்டேன். அவன் என் காதில் வாயை வைத்து, துறைமுகம் வரை கேட்கும்படி, ‘உன்னிய எடுத்துக்கினாங்கடா, செவிட்டு மாமு!’ என்று கத்தினான். கத்திவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். தோற்றவன் அவன், ஆனால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனும் அவன்தான்.

கொட்டகையில் சத்தம் சீறல்தான், இடி இல்லை. சில மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் குழம்பைக் கிளறினாள். ‘ஊர் இரும்பெல்லாம் ஒட்டத் தெரியுது. வூட்ல கீற ஓட்ட வாளிய ஒட்டத் துப்பில்ல’ என்று ஒரு குரல், மெல்ல, முனகலாக.

‘நாளைக்கு ஒட்டிடறேன்’ என்றேன்.

கரண்டி நின்றது. அவள் திரும்பவேயில்லை. ‘கேட்டுச்சா?’ என்றாள், அதே மெல்லிய குரலில்.

‘கேட்டுச்சு.’

‘அய்யய்யோ’ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ‘நாலு வருசமா உன் முதுவுக்குப் பின்னால இன்னான்னவோ சொல்லிகினு கீறேனே!’

நான் சிரித்த சிரிப்பில் சோறு புரை ஏறியது. அவளும் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் கத்தவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, உங்களுக்குள்ளே ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டாள்.