தேடல் அக்காவின் சரியான பதில்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைத் தேடல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர் புகார்களைத் தேடும் எந்திரம் எப்போது மக்கர் பண்ணினாலும் போன் அவளுக்குத்தான் போகும். சாப்பிட உட்கார்ந்தாலும் விடமாட்டார்கள். பெற்ற மகளை விழித்திருக்கும்போது பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் அது என்ன பிழைப்பு?

அதனால்தான் பக்கத்து டீமுக்கு மாற்றல் கேட்டாள். அங்கே சாயங்காலமே கிளம்பிவிடலாம். ஆனால் நேர்காணலில் தேறுவதோடு, அவளுடைய மேனேஜரும் விடுவிக்கச் சம்மதிக்க வேண்டும். அந்த மனுஷன் நேர்காணல் அறையிலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து டீமின் தலைவி சுலபமாகத் தொடங்கினாள். "எம்பெடிங்னா என்ன, சொல்லுங்க."

"ஒரு வாக்கியத்த எண்களோட வரிசையா மாத்துறது மேடம். அர்த்தம் நெருக்கமா இருந்தா அந்த வரிசைகளும் பக்கத்துல பக்கத்துல விழும். 'பணம் திரும்ப வரல', 'ரீஃபண்ட் எங்க'. இதுல பொதுவா ஒரு வார்த்தகூட இல்ல, ஆனா ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்கும். கேள்வியையும் அப்படி மாத்தி, அதுக்கு ரொம்ப கிட்ட இருக்கறத எடுத்துக் குடுக்கறதுதான் தேடல்."

தலைவி தலையாட்டினாள். "சரி. அப்படி எண்ணா மாத்துற மென்பொருள், அதான் மாடல், அதப் புதுசா மாத்தினதுலேர்ந்து உங்க புகார் எந்திரத்துல தேடினா சம்பந்தமில்லாததெல்லாம் வருது. எரரே வரல. எதனால இருக்கும்?"

போன வாரம் இதைச் செய்தவர் எதிரிலேயே இருந்தார். ஒரே நாளில் மாடலை மாற்றிவிட்டேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த மேனேஜர். சரியாகச் சொன்னால் அவர் விடமாட்டார். தெரியாது என்றால் தலைவி எடுக்கமாட்டாள். எப்படிப் போனாலும் முட்டுச்சந்து.

மேனேஜர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

சொல்லித் தொலைத்தாள். "பழைய புகாரெல்லாம் பழைய மாடல்ல மாத்தினது. கேள்விய மட்டும் புதுசுல மாத்துறோம். ரெண்டுலயும் வரிசையோட நீளம் ஒண்ணுதான், அதனால எரர் வராது. ஆனா ஒண்ணோட எண்களுக்கு இன்னொண்ணுல அர்த்தமே கிடையாது. எவ்வளவு கிட்டன்னு அளந்தும் பிரயோஜனமில்ல. எல்லாப் புகாரையும் புது மாடல்ல மறுபடி மாத்தணும்."

"ரொம்ப சரி," என்றாள் தலைவி. முகம் மலர்ந்தது.

மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் சிரித்தபடி தலைவியைப் பார்த்து, "பாத்தீங்களா? நம்ம தேடலுக்கு இவங்கள விட்டா ஆள் ஏது? இத யார் சரி பண்றது? இப்போதைக்கு விடுவிக்க முடியாதுங்க," என்றார்.

தலைவி அவளுடைய மாற்றல் விண்ணப்பத்தை மடித்து ஓரமாக வைத்தாள்.

நடைக்கூடத்தில் நின்று தேடல் அக்கா கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா, பாஸா?"

"பாஸ்தாங்க."

"அப்ப பாப்பாகிட்ட சொல்லிடவா? இனிமே அம்மா சாயங்காலம் வந்துடுவான்னு?"

"சொல்லாதீங்க. அவளத் தூங்க வெச்சிடுங்க. எல்லாத்தையும் முதல்லேர்ந்து மாத்தணும்."