வளர்நிலை இரண்டில் ஒரு இடம்

என் மகளுக்கு எட்டு வயதானபோதுதான் அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதை நானும் என் மனைவியும் ஒரு குறையாகப் பார்க்கத் தொடங்கினோம். நாங்கள் பேசுவது அவளுக்குப் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். முதலில் சென்னையிலிருந்து ஒருவர் இணையத்தில் நடத்திய வகுப்பில் சேர்த்தோம். திரையின் ஒரு மூலையில் அவள் வேறு எதையோ திறந்து வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் அதை நிறுத்தினோம். அதன் பிறகு என் அலுவலக நண்பர் ஒருவர் லண்டனின் ஹரோ பகுதியில் நடக்கும் சனிக்கிழமைப் பள்ளியைப் பற்றிச் சொன்னார்.

அது வாடகைக்கு எடுத்த ஒரு மேல்நிலைப் பள்ளிக் கட்டிடம். காலையில் தமிழ், மதியத்துக்கு மேல் நடனம், மிருதங்கம், வயலின். நடத்துபவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பள்ளியின் தலைவரை அங்கே 'அதிபர்' என்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய அந்தப் பெண்மணி வார நாட்களில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவர். என் மகளிடம் ஒரு அட்டையைக் காட்டினார். அவள் 'அ', 'ஆ' வரை சொல்லிவிட்டு நின்றுவிட்டாள்.

"பிள்ளை கெட்டிக்காரி. கதைக்கிறது எல்லாம் விளங்குது. எழுத்துத்தான் இல்லை" என்றார் அதிபர். "பாலர் நிலையிலதான் விடவேணும்."

"அஞ்சு வயசுப் பசங்களோடயாங்க? இவளுக்கு எட்டு ஆச்சு."

"ஓம், எனக்கும் விளங்குது. ஆனா எழுத்துத் தெரியாமல் மேல விட்டா வாய் திறக்கமாட்டா. பிறகு இஞ்ச வரவே மாட்டன் எண்டு சொல்லுவா."

அப்படியே சேர்த்தோம். சின்ன நாற்காலிகளில் உட்கார அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வகுப்பில் பெரியவள் அவள்தான் என்பதால் ஆசிரியை புத்தகங்களை விநியோகிக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். அது அவளுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த ஆண்டு வளர்நிலை ஒன்று. அதற்கடுத்த செப்டம்பரில் வளர்நிலை இரண்டு. அவளுடைய வார நாள் பள்ளியிலேயே படிக்கும் பெண் ஒருத்தி அந்த வகுப்பில் தோழியானாள்.

வீட்டில் சொல்வதெழுதல் பயிற்சிக்கு நான்தான் வார்த்தைகளைப் படிப்பேன். எனக்கு மதுரைப் பக்கம். எங்கள் ஊர் வழக்கப்படி 'ற்று'வை 'ட்ரு' போல ஒலித்து 'காற்று' என்றேன். அவள் 'காட்ரு' என்று எழுதினாள். திரும்பச் சொன்னேன். மறுபடியும் அதையே எழுதினாள்.

"நீங்க சொல்றது தப்பு அப்பா. ரீச்சர் அப்படிச் சொல்றதில்ல. அது இங்லிஷ் 'டி' மாதிரி. ரெண்டு தடவை சேர்த்துச் சொல்லணும்."

அவள் சொல்லிக் காட்டினாள். 'ட்ட'வும் இல்லை, 'த்த'வும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒலி. அதைக் கேட்டால் எழுத்து தானாக வந்துவிடுகிறது. நாற்பது வருடங்களாக அந்த எழுத்தை நான் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன், கேட்டு எழுதவில்லை. எனக்கு அதில் சந்தோஷப்படத் தோன்றவில்லை. கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது.

அந்த எரிச்சலை வளர்த்தது ஊரிலிருந்து வந்த ஒரு வீடியோ அழைப்பு. என் அண்ணன் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்க, அவள் "ஓம், பெரியப்பா" என்றாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னடா, பிள்ளைய சிலோன்காரியா மாத்திட்டியா?" என்றார். நானும் சிரித்தேன். அவள் திரையை விட்டு எழுந்து போய்விட்டாள்.

இந்த நேரத்தில்தான் தமிழ்நாட்டுப் பெற்றோர் சிலர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். நம் பாடப்புத்தகம், நம் உச்சரிப்பு, ஞாயிற்றுக்கிழமை ஒரு சமூகக் கூடத்தில் வகுப்பு. நான் சேர்ந்தேன். மனைவி, "நல்லாப் போய்ட்டு இருக்கிறத ஏன் கலைக்கணும்?" என்றாள். அவள் மருத்துவமனையில் செவிலி. சனிக்கிழமை ஷிப்ட் வந்தால் மகளைக் கூட்டிப்போவதும் திரும்பக் கூட்டிவருவதும் என் வேலை. அதனால் முடிவும் என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன். மகளிடம் கேட்கவில்லை.

அதிபரிடம் நேரில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அது உங்கட விருப்பம். ஆனா இடத்தைப் பிடிச்சு வச்சிருக்க ஏலாது. கனபேர் காத்துக்கொண்டு நிக்கினம்."

ஞாயிறு வகுப்பில் ஏழு பிள்ளைகள். ஐந்து வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே மேசையில். ஆசிரியையாக இருந்தவர் ஒரு வங்கியில் வேலை செய்யும் இளம் தாய். உண்மையாகவே உழைத்தார். ஆனால் ஊர்ப் பாடப்புத்தகம், வீட்டிலும் தெருவிலும் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்கு எழுதப்பட்டது. இரண்டாவது பக்கத்திலேயே எங்கள் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் சின்னவர்கள் மேசைக்கடியில் போய்விடுவார்கள். அக்டோபர் இடைப்பருவ விடுமுறைக்குப் பிறகு மூன்று பிள்ளைகள் வரவில்லை. கூடத்துக்காரர்கள் காப்பீட்டுப் பத்திரமும், பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பும் கேட்டார்கள். அதையெல்லாம் முடிக்குமுன் ஆசிரியைக்கு வேலை மாறியது. கிறிஸ்துமஸுக்கு முன் வகுப்பு நின்றது. குழு மட்டும் இன்னும் இருக்கிறது. தீபாவளிக்கு வாழ்த்துகள் வருகின்றன.

ஜனவரியில் நான் ஹரோவுக்குத் திரும்பிப் போனேன். மெட்ரோபாலிடன் லைன் ரயில் அன்று பழுதுபார்ப்புக்காக ஓடவில்லை. மாற்றுப் பேருந்தில் போய்ச் சேர்ந்தபோது இடைவேளை. அதிபர் நடைவழியில் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதையும் குத்திக்காட்டவில்லை.

"வளர்நிலை இரண்டு நிரம்பிட்டுது. ஈஸ்டருக்குப் பிறகு வளர்நிலை ஒன்றில ஒரு இடம் வருது. அதில விடலாம்."

"அவ அதை முடிச்சிட்டாளேங்க."

"தெரியும். இருக்கிற வகுப்பில பிள்ளையளக் கூட்டி அடைக்க ஏலாது. வேண்டாமெண்டா அடுத்த செப்டம்பர் மட்டும் பாருங்கோ."

செப்டம்பர் வரை விட்டால் அவள் எல்லாவற்றையும் மறந்துவிடுவாள். சம்மதித்தேன். வீட்டில் அவளிடம் சொன்னபோது அழவில்லை. "நான் போகலையே. நீங்கதானே என்னைக் கூட்டிட்டுப் போனீங்க" என்றாள். மன்னிப்புக் கேட்டேன்.

ஈஸ்டருக்குப் பிறகு அவள் மறுபடியும் தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்தாள். தோழி அடுத்த அறையில். இடைவேளையில் மட்டும் சேர்ந்து சிப்ஸ் சாப்பிடுவார்கள். நான் தொண்டர் பட்டியலில் பெயர் கொடுத்தேன். காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்ததும் மஞ்சள் மேலங்கி போட்டுக் கார் நிறுத்துமிடத்தில் நிற்கச் சொன்னார்கள். மழை பெய்தால் நடைவழியில் நிற்பேன். கதவுக்கு அப்பால் அவள் வாசிப்பது கேட்கும். வேகமாக வாசிக்கமாட்டாள், ஆனால் நிறுத்தாமல் வாசிப்பாள்.

கோடையில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று ஆண்டுத் தேர்வு நடந்தது. பேச்சில் நல்ல மதிப்பெண், எழுத்தில் சுமார். வளர்நிலை இரண்டுக்குத் தேறினாள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் நீச்சலுக்குப் போக முடியாதது பற்றி இன்னும் குறைசொல்வாள்.

போன மாதம் அவளுடைய பள்ளிப்பையைத் துவைக்க எடுத்தபோது உள்ளே ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை போகும் ஆங்கிலப் பள்ளியில் அவளுக்கும் அந்தத் தோழிக்கும் ஒரே வகுப்பு என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காகிதத்தில், அங்கே மிஸ்ஸுக்குப் படிக்கத் தெரியாத கோணலான தமிழ் எழுத்தில், 'மிஸ் இஸ் வெரி கிராஸ் டுடே. டோன்ட் லாஃப்' என்று எழுதியிருந்தது. கீழே வேறொரு கையெழுத்தில், 'ஐ காண்ட் ஸ்டாப்.'

அதை மடித்து அவள் மேசைமேல் வைத்துவிட்டு, பையை இயந்திரத்தில் போட்டேன்.